மூத்த சக ஊழியரின் மரியாதைக் குறைவு: மனிதவளத் துறையிடம் தனிச் சந்திப்பு கேட்டு எழுதும் கடிதம்

சென்னையில் சில நிறுவனங்களின் மனிதவளத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்திருக்கிறேன். மேசைக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் வருத்தியவை, நியாயம் முழுக்க எழுதியவர் பக்கம் இருந்தும் எழுதிய விதத்தாலேயே அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டவை. நான்கு பக்கக் கடிதம், ஏழு பேருக்கு நகல், ஒவ்வொரு வரியிலும் ஆறாத கோபம். அப்படி ஒரு கடிதம் வந்த மறுநாளே அலுவலகம் முழுவதும் அந்தச் செய்தி பரவியிருக்கும். எழுதியவர் கேட்டது தனியாகப் பேச ஒரு வாய்ப்பு. அவருக்குக் கிடைத்ததோ ஊரறிந்த சண்டை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கடிதம். இன்னும் புகார் கொடுக்காத நிலையில், "உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று எச்.ஆரிடம் கேட்கும் கடிதம். அடையாளங்களையெல்லாம் மாற்றி, ஒரு பெண்ணின் கதையை வைத்தே சொல்கிறேன். அவர் கிண்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் இருந்தார். வேலையில் சேர்ந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதே பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கும் மூத்தவர் ஒருவர், அவருடைய மேலாளர் அல்ல. ஆனால் யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பவர். மேலாளரும் அந்த மூத்தவரும் ஒன்றாகவே மதிய உணவு உண்பவர்கள். அதனால்தான் அந்தப் பெண் மேலாளரிடம் போகாமல் எச்.ஆரிடம் போக நினைத்தார்.

முதலில், இது எந்த வகைச் சிக்கல் என்று பிரித்துப் பாருங்கள்

பேனாவை எடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் கடிதம் போய்ச் சேர வேண்டிய இடமே இதைப் பொறுத்து மாறும்.

அவமரியாதையில் பாலியல் சாயல் இருந்தால், அதாவது உடலைப் பற்றிய பேச்சு, இரட்டை அர்த்தம், தேவையற்ற தொடுதல், திரும்பத் திரும்பத் தனியே அழைத்தல் என்று எதுவாக இருந்தாலும், அது எச்.ஆர். சந்திப்போடு முடிகிற விஷயம் அல்ல. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள் குழு ஒன்று இருக்க வேண்டும். புகாரை எழுத்து மூலம் அந்தக் குழுவிடம்தான் கொடுக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்து அந்த மூன்று மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அதையும் "மரியாதைக் குறைவு" என்ற மெல்லிய சொல்லில் பொதிந்துவிடக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் காணும்படியான இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கோடு இழிவாகப் பேசுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அங்கே வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனை முதலில் வேண்டும், எச்.ஆர். கடிதம் அதற்குப் பிறகு.

இந்த இரண்டும் இல்லாத, பச்சையான அவமரியாதை மட்டும் என்றால், அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பிடி, நிறுவனத்தின் சொந்த நடத்தை விதிகள்தான். வேலையில் சேர்ந்த நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கையேட்டில், "சக ஊழியர்களை மரியாதையுடன் நடத்த வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். தேடி எடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அந்த எண்ணை ஒரே ஒரு முறை சொன்னால் போதும். படிப்பவருக்கு இது இருவருக்கிடையிலான மனத்தாங்கல் அல்ல, விதி தொடர்பான விஷயம் என்று புரிந்துவிடும்.

குறிப்பேடு: கடிதத்தில் வராதவை தங்கும் இடம்

கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டுமென்றால் விவரங்கள் வேறொரு இடத்தில் இருந்தாக வேண்டும். சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வீட்டில் வைத்திருங்கள். அலுவலகக் கணினியில் எழுதாதீர்கள். அதே போல, அலுவலக மின்னஞ்சல்களையும் வாடிக்கையாளர் ஆவணங்களையும் உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிச் சேர்த்து வைக்காதீர்கள். பல நிறுவனங்களில் அது தகவல் பாதுகாப்பு விதியை மீறியதாகும். உங்கள் குறையைக் கேட்க வேண்டிய கூட்டம் உங்கள் மீதான விசாரணையாகத் திரும்பிவிடும். எந்த மின்னஞ்சல் எந்த நாளில் வந்தது என்று நோட்டில் எழுதினால் போதும். அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். வேண்டும்போது அவர்களே எடுத்துப் பார்ப்பார்கள்.

நடந்த அன்றே எழுதுங்கள். நாள், நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, அதனால் வேலைக்கு என்ன ஆயிற்று. நம் மக்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் சறுக்குகிறார்கள்.

"என்ன சொல்லப்பட்டது" என்ற இடத்தில், சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும். இது தமிழ் பேசும் அலுவலகங்களுக்கே உரிய ஒரு நுட்பம், அதனால் சற்று நின்று சொல்கிறேன். நம் மொழியில் அவமரியாதை வசைச் சொல்லில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வினைமுற்றின் விகுதியிலேயே இருந்துவிடும். எல்லோரையும் "வாங்க, போங்க" என்று அழைப்பவர் ஒருவரை மட்டும் "நீ", "வா", "போ" என்று அழைத்தால், அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். "வாம்மா, போம்மா" என்பது பாசமாகவும் இருக்கலாம், ஆளைச் சிறுமைப்படுத்துவதாகவும் இருக்கலாம். ஆனால் இதை ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்த மொழியில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் என்பதால், அவமதிப்பு முழுவதும் ஆவியாகிவிடுகிறது. எச்.ஆர். தலைவர் வேற்று மாநிலத்தவராக இருந்தால் அவர் உண்மையாகவே குழம்புவார்: "அவர் உங்களிடம் காபி சொல்லச் சொன்னார், அவ்வளவுதானே?"

ஆகையால் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதுங்கள். கீழே ஒரு வரி விளக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: "பிரிவில் உள்ள மற்ற ஒன்பது பேரையும் அவர் மரியாதைப் பன்மையில் அழைக்கிறார், என்னை மட்டும் ஒருமையில் அழைக்கிறார்." இந்த ஒப்பீடுதான் உங்கள் வலிமை. ஒருவர் எல்லோரையும் ஒருமையில் அழைக்கிறார் என்றால் அது அவருடைய பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். உங்களை மட்டும் என்றால், அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

கிண்டிப் பெண்ணின் நோட்டில் இருந்த நான்கு பதிவுகள் இவை:

2025 பிப்ரவரி 3, திங்கள், காலை 10.30. வாராந்தரக் கூட்டம், ஒன்பது பேர். ஒரு கப்பலின் தேதி மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். "உனக்கு இதெல்லாம் புரியாது, உட்கார்" என்றார். நான் சொல்ல வந்தது அன்று பதிவாகவில்லை. பிறகு அதே காரணத்தால் அந்த ஆவணத்தைத் திருத்தி இரண்டாம் முறை அனுப்ப வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 13, வியாழன், மாலை 3 மணி. வாடிக்கையாளர் தரப்பில் இருவர் வந்திருந்தனர். அந்தக் கணக்கைக் கவனிப்பவள் நான். "நீ போய்க் காபி சொல்லிவிட்டு வா" என்று அனுப்பிவிட்டு, என் அறிக்கையை அவரே படித்துக் காட்டினார்.

பிப்ரவரி 24, திங்கள், மதியம் 12.15. கோப்பை என் மேசை மீது வீசினார். "எந்தக் கல்லூரியில் படித்தாய்? காசைத் திருப்பிக் கேள்" என்றார். பக்கத்து மேசைகளில் இருவர்.

மார்ச் 5, புதன், இரவு 8.40. பதினான்கு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில், ஒரு பிழைக்கு என் பெயரைப் போட்டு எழுதினார். அந்த ஆவணத்தை அன்று கையாண்டது வேறொருவர். மறுநாள் அது தெரிந்த பிறகும் திருத்தம் போடவில்லை.

இதில் "அவருக்கு என்னைப் பிடிக்காது", "வேண்டுமென்றே செய்கிறார்", "எப்போதும் இப்படித்தான்" என்று எதுவும் இல்லை. மனசுக்குள் அப்படித்தான் தோன்றும்; தோன்றுவதில் தவறும் இல்லை. ஆனால் நோக்கத்தை நாம் எழுதினால், அவர் அதை மறுத்துவிட்டுப் போய்விடுவார். நடந்ததை எழுதினால் மறுக்க இடமிருக்காது. முதல் இரண்டு பதிவுகளில் வேலைக்கு ஏற்பட்ட இழப்பு இருப்பதையும் கவனியுங்கள். இரண்டாம் முறை அனுப்பிய ஆவணம் நிறுவனத்தின் செலவு. அதைப் பார்த்த எச்.ஆர். அதிகாரி "நீங்கள் கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

யாருக்கு அனுப்புவது

துறையின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பாதீர்கள். அதைப் பயிற்சிக்கு வந்தவர் உட்பட ஐந்தாறு பேர் திறந்து பார்ப்பார்கள். உங்கள் பிரிவுக்குப் பொறுப்பான எச்.ஆர். அதிகாரி ஒருவரின் பெயருக்கு, அவருடைய தனி முகவரிக்கு அனுப்புங்கள். Cc இடம் காலியாக இருக்கட்டும். மேலாளருக்கு நகல் வைப்பது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். தனிச் சந்திப்பு கேட்கும் கடிதத்தில் அது கடிதத்தின் நோக்கத்தையே அழித்துவிடும்.

பொருள் வரி இன்னொரு கண்ணி. அதிகாரி கூட்டத்தில் திரையைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் உங்கள் மின்னஞ்சலின் பொருள் வரி வந்து நிற்கும். "மூத்த ஊழியரின் அவமதிப்பு" என்று அதில் இருந்தால், ரகசியம் அங்கேயே முடிந்தது. "சந்திக்க நேரம் வேண்டுதல்" போதும். அவர் அனுப்பும் நாட்காட்டி அழைப்பும் அப்படித்தான். பல அலுவலகங்களில் ஒருவர் நாட்காட்டியை மற்றவர் பார்க்க முடியும். Outlook ஆனாலும் Google Calendar ஆனாலும், அழைப்பில் Private என்பதைத் தேர்ந்தெடுத்தால் தலைப்பு பொதுவாகப் பிறருக்குத் தெரியாது. அதை நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், உங்கள் பக்கத்திலும் செய்துகொள்ளலாம்.

கடிதம்

கிண்டிப் பெண் மார்ச் 11, செவ்வாய் காலையில் அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது.

பொருள்: சந்திக்க நேரம் வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் 2022 ஜூன் முதல் பணியாற்றி வருகிறேன். எங்கள் பிரிவின் மூத்த சக ஊழியர் ஒருவர் என்னிடம் தொடர்ந்து மரியாதைக் குறைவாக நடந்துகொள்வது பற்றி உங்களிடம் நேரில், தனியாகப் பேச விரும்புகிறேன்.

பிப்ரவரி 3 முதல் மார்ச் 5 வரை நான்கு முறை இவ்வாறு நடந்துள்ளது. அவற்றில் ஒன்று வாடிக்கையாளர் முன்னிலையில் நடந்தது. என் அன்றாட வேலையும் இதனால் பாதிக்கப்பட்டுள்ளது. நாள், நேரம், பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன், சந்திப்பின்போது தருகிறேன். பணியாளர் கையேட்டின் 6.2ஆம் விதியுடன் இது தொடர்புடையது என்று கருதுகிறேன்.

இப்போதைக்கு இதை முறையான புகாராக அளிக்கவில்லை. என் முன் உள்ள வழிகளைத் தெரிந்துகொண்ட பிறகு, புகார் அளிப்பது பற்றி முடிவு செய்ய விரும்புகிறேன்.

இந்தக் கடிதத்தையும் நம் சந்திப்பையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டுகிறேன். வேறு யாருக்காவது தெரிவிக்க வேண்டிய தேவை எழுந்தால், அதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். எந்தச் சூழலில் ரகசியம் காக்க இயலாது என்பதைச் சந்திப்பின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மார்ச் 13 அல்லது 14 அன்று மாலை 4 மணிக்குப் பிறகு, சுமார் 45 நிமிடம் ஒதுக்க இயலுமா? எங்கள் தளத்தில் அல்லாமல் வேறு தளத்தில் உள்ள அறையிலோ, அலுவலக நேரத்துக்குப் பின் தொலைபேசியிலோ பேசினால் எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
(பெயர், பணியாளர் எண், கைபேசி எண்)

அவ்வளவுதான். அலுவலகத்தின் எழுத்து மொழி ஆங்கிலமாக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இந்த வரிசையும் அளவும் அப்படியே இருக்கட்டும்.

இதில் சில வரிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். மூத்தவரின் பெயர் இல்லை. மின்னஞ்சல் ஒரு சொடுக்கில் இன்னொருவருக்குப் போய்விடும். நேரில் சொன்ன பெயர் அப்படிப் போகாது. சந்திப்பு முடிந்து, யார் இதைக் கையாளுகிறார் என்று தெரிந்த பிறகு, பெயர் எழுத்தில் வந்தால் போதும். ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த எச்.ஆர். அதிகாரிக்கும் மூத்தவருக்கும் நெருக்கம் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அவருக்கு எழுதவே எழுதாதீர்கள். அவருக்கு மேலே உள்ளவருக்கு எழுதுங்கள்.

"இப்போதைக்கு" என்ற சொல் மிக முக்கியம். "இது புகார் அல்ல" என்று மட்டும் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து நீங்கள் புகார் கொடுக்கும்போது, "நீங்களே புகார் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே" என்று இதே கடிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். இப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன். புகார் என்ற கதவை மூடாமல், அதற்குள் இன்னும் நுழையவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்ணாடி அறையைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய அலுவலகங்களில் எச்.ஆர். அறைக்குப் பெரும்பாலும் கண்ணாடிச் சுவர். பேச்சு வெளியே கேட்காது. முகம் நன்றாகத் தெரியும். ஒருவர் அங்கே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டால், தளம் முழுவதும் கவனிக்கும். அதனால்தான் வேறு தளம் கேட்கும் வரி. இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கடிதத்தில் இல்லாதவையும் முக்கியம். வேலையை விட்டுவிடுவேன் என்ற எச்சரிக்கை இல்லை; சில நிறுவனங்களில் அதையே ராஜினாமாவுக்கான முன்னறிவிப்பாகப் பேச்சில் இழுத்துவிடுவார்கள். சாட்சிகளின் பெயர் இல்லை. பக்கத்து மேசைக்காரரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதினால், நாளை அழைத்து விசாரிக்கும்போது பயந்து "நான் எதுவும் கவனிக்கவில்லை" என்பார், உங்கள் பக்கம் பலவீனமாகும். "துன்புறுத்தல்" என்ற சொல்லும் இல்லை. அது பல இடங்களில் தனி நடைமுறையைத் தொடங்கிவைக்கும் சொல். உண்மையில் அதுதான் நடந்திருந்தால் தயங்காமல் எழுத வேண்டும், கோபத்தின் அளவைக் காட்டுவதற்காக எழுதக் கூடாது.

காலம் பற்றி ஒன்று. ஆண்டு மதிப்பீட்டுக் கடிதம் வருவதற்கு முன் எழுத முடிந்தால் எழுதுங்கள். வந்த பிறகு எழுதினால், மதிப்பெண் குறைந்ததால் கிளம்பிய புகார் என்ற பேச்சு வரும். ஏற்கெனவே வந்துவிட்டதா, பரவாயில்லை. உங்கள் நோட்டின் முதல் பதிவு மதிப்பீட்டுக்கு முந்திய தேதியில் இருப்பதைச் சந்திப்பில் காட்டுங்கள்.

ரகசியம் என்றால் எவ்வளவு ரகசியம்

இங்கே நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் மனம் உடைந்து போகிறார்கள். எச்.ஆர். அதிகாரி நிறுவனத்தின் ஊழியர். நீங்கள் சொல்வதை அவர் மருத்துவரைப் போலவோ வழக்கறிஞரைப் போலவோ காக்கக் கடமைப்பட்டவர் அல்ல. நல்ல அதிகாரி தேவையானவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் பாலியல் துன்புறுத்தலோ, உடல் தாக்குதலோ, மோசடியோ பேச்சில் வெளிப்பட்டால், "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று நீங்கள் கேட்டாலும் அவரால் சும்மா இருக்க முடியாமல் போகலாம். இன்னொன்று, முறையான விசாரணை என்று வந்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் மீது என்ன சொல்லப்படுகிறது என்று அறியும் உரிமை உண்டு. பெயரை மறைத்துவிட்டு அவரைத் தண்டிக்க முடியாது. நான்கு நிகழ்வுகளையும் சொன்னவுடனே யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எனவே சந்திப்பில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "மேடம், நான் சொல்லப்போவதில் எதை நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும்?" பதிலைக் கேட்டபின் பெயரைச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அன்றைக்கு வழிகளை மட்டும் விசாரித்துவிட்டு எழுந்து வரலாம். அதற்கான சுதந்திரத்தைக் கடிதம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது.

பதில் வராவிட்டால்

மூன்று வேலை நாட்கள் காத்திருங்கள். பிறகு அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். புதிய மின்னஞ்சல் வேண்டாம், தொடர் ஒரே இடத்தில் இருப்பது நல்லது. ஒரு வாரமாகியும் மௌனம் என்றால் துறைத் தலைவருக்கு அனுப்பலாம், அல்லது கையேட்டில் குறைதீர்ப்புக்கென்று தனி வழி சொல்லியிருந்தால் அதைப் பயன்படுத்தலாம். எச்.ஆரே இல்லாத சிறு நிறுவனமா? உரிமையாளருக்கோ நிர்வாகப் பங்குதாரருக்கோ இதே கடிதம் பொருந்தும். விதி எண் இருக்காது, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சந்திப்பும், அன்று மாலை எழுத வேண்டிய மின்னஞ்சலும்

கிண்டிப் பெண்ணுக்கு மார்ச் 14, வெள்ளி மாலை 4.30க்கு நேரம் கிடைத்தது. நோட்டுப் புத்தகத்தை அவர் எடுத்துப் போகவில்லை. நான்கு பதிவுகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போனார். நோட்டு அவரிடமே இருக்க வேண்டும் என்பதால்தான்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி எந்தச் சந்திப்பிலும் வரும். இதற்குப் பதில் யோசிக்காமல் போனவர்கள், "அவரை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்" என்றோ "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்றோ சொல்லிவிடுவார்கள். முதலாவது உடனே நடக்காது. இரண்டாவதைச் சொன்னால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. அந்தப் பெண் மூன்றைக் கேட்டார். கூட்டங்களிலும் வாடிக்கையாளர் முன்னும் மற்றவர்களை அழைப்பது போலவே தன்னையும் அழைக்க வேண்டும். பிழைகளைக் குழுவில் போடாமல் தனி மின்னஞ்சலில் சுட்ட வேண்டும். மார்ச் 5 அன்று போட்ட செய்திக்கு அதே குழுவில் திருத்தம் வர வேண்டும். மூன்றுமே சிறியவை. மூன்றும் நடந்தனவா இல்லையா என்று ஒரு மாதத்தில் யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

"பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், இருவரையும் உட்கார வைக்கிறேன்" என்று அதிகாரி சொல்வது வழக்கம். சம அதிகாரம் உள்ள இருவருக்கு அது நல்ல வழி. உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரோடு உட்கார வைத்தால், அறைக்குள் சமாதானமும் அறைக்கு வெளியே கூடுதல் வேலையும் கிடைக்க வாய்ப்பு அதிகம். மறுக்கலாம். "முதலில் நீங்கள் அவரிடம் தனியாகப் பேசுங்கள், மாற்றம் இருந்தால் பிறகு நான் உட்காரத் தயார்" என்று சொல்வது மறுப்பாகவும் ஒலிக்காது. அதிகாரி அவரிடம் பேச ஒப்புக்கொண்டால், எப்படிப் பேசப் போகிறார் என்றும் கேளுங்கள். பிரிவின் கூட்டங்கள் பற்றிப் பொதுவாகப் பேசுவதும் உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுவதும் ஒன்றல்ல. அதைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் சொல் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் முன், அல்லது அன்றிரவே, ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். சந்திப்பு முழுவதும் வாய்மொழியாக நடந்தது. இந்த மின்னஞ்சல்தான் அதற்கு ஒரே பதிவு. அந்தப் பெண் எழுதியது இது:

"இன்று மாலை நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நாம் பேசியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நான்கு நிகழ்வுகளின் குறிப்பை உங்களிடம் அளித்தேன். அடுத்த வாரத்துக்குள் சம்பந்தப்பட்டவரிடம், என் பெயரைச் சொல்லாமல், கூட்ட நடத்தை பற்றியும் குழுச் செய்திகள் பற்றியும் நீங்கள் பேசுவதாகக் கூறினீர்கள். என் மேலாளரிடம் தெரிவிக்க நேர்ந்தால் முன்னதாக எனக்குச் சொல்வதாகவும், ஏப்ரல் 11 அன்று மீண்டும் சந்திப்பதாகவும் ஒப்புக்கொண்டோம். இதில் ஏதேனும் விடுபட்டிருந்தால் திருத்துங்கள்."

கடைசி வரி இல்லாமல் அனுப்பாதீர்கள். அதற்குத் திருத்தம் வந்தாலும் நல்லது. வராவிட்டால், அதிகாரி படித்தும் மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும்.

ஏப்ரல் 11 வரை அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. இந்த முறை இரண்டு வகைப் பதிவுகள் இருந்தன. கூட்டத்தில் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைத்த நாட்களையும் தேதியோடு குறித்திருந்தார். இன்னொரு பக்கத்தில், மார்ச் 24க்குப் பிறகு தனக்கு வரும் ஆவணங்களின் எண்ணிக்கை பிரிவில் மற்றவர்களைவிடக் கூடியிருந்ததை நாள்வாரியாக எழுதியிருந்தார். இரண்டாம் சந்திப்பில் அந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தார். அதைப் பார்த்த அதிகாரி முதலில் விசாரித்தது அழைக்கும் விதத்தைப் பற்றி அல்ல. அந்தத் தேதியிலிருந்து வேலையைப் பிரித்துக் கொடுத்த பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார்.